மேலாளர் ஏன் மன்னிப்புக் கேட்கிறார்: பெருநாள் வாழ்த்துகளின் சொற்பொருள்

“கோலாலம்பூருக்கு வேலைக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. நான் முஸ்லிம் இல்லை. நோன்புப் பெருநாளன்று என் மலாய் மேலாளர் ‘செலாமாட் ஹரி ராயா, மாஃப் ஸாஹிர் டான் பாத்தின்’ என்று அனுப்பினார். அகராதியைப் பார்த்தால் மன்னிப்பு என்கிறது! இந்தோனேசிய நண்பர் ‘மினல் ஆயிதீன் வல் ஃபாயிஸீன்’ என்கிறார், ஜோர்டான்காரர் ‘குல்லு ஆம் வ அன்தும் பி கைர்’ என்கிறார். எல்லாம் ஒன்றுதானா? என்ன பதில் போடுவது?”

உங்கள் மேலாளர் உங்களுக்குத் தெரியாமல் எந்தத் தீங்கும் செய்துவிடவில்லை; தம் கைப்பேசியில் உள்ள எல்லோருக்கும் அதே வரியைத்தான் அனுப்பியிருப்பார். ஆனாலும் அகராதி சொன்னது சரிதான், அது மன்னிப்புக் கேட்கும் வரியே. நான் கீழக்கரையிலிருந்து இங்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. முஸ்லிமாகப் பிறந்து, பெருநாள் தொழுகை முடிந்து கட்டித் தழுவி வாழ்த்துச் சொல்லிப் பழகிய எனக்கே முதல் ஆண்டு இந்த வழக்கம் திகைப்பாக இருந்தது. அடுத்த வீட்டு மலாய்ப் பெரியவர் என் கையைப் பற்றிக்கொண்டு இதே சொற்களைச் சொன்னபோது, “ஐயையோ, நீங்கள் எனக்கு ஒன்றும் செய்யவில்லையே” என்று பதறிப் பதில் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு கையை விடாமல் நின்றார். நானும் அவரிடம் திருப்பிக் கேட்க வேண்டும் என்று காத்திருந்தார் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அந்த வரியில் உள்ள மூன்று முதன்மைச் சொற்களும் அரபியிலிருந்து வந்தவை. ‘மாஃப்’ என்பது நம் பக்கத்தில் ‘மாப்பு’ என்று வழங்குகிற அதே சொல். ‘ஸாஹிர்’ என்றால் வெளியே தெரிவது, ‘பாத்தின்’ என்றால் உள்ளே மறைந்திருப்பது. ஆகவே முழு வரியும், வெளிப்படையாக நான் செய்த, பேசிய தவறுகளையும், உள்ளத்துக்குள் உங்களைப் பற்றி நினைத்த தவறுகளையும் மன்னியுங்கள் என்று கேட்கிறது. நீங்கள் அறியாத தவறுக்கும் சேர்த்துக் கேட்பதால்தான் “என்ன தவறு?” என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை. பெருநாளான ஷவ்வால் மாத முதல் நாள் காலையில் பிள்ளைகள் பெற்றோரின் கையை முத்தமிட்டு இதைச் சொல்வார்கள். கணவனும் மனைவியும் சொல்லிக்கொள்வார்கள். சில வீடுகளில் அழுகையும் உண்டு. இளைஞர்களோ இதை விளையாட்டாக்கி, “கோசோங்-கோசோங்” என்று முடித்துக்கொள்வார்கள். பூஜ்யத்துக்குப் பூஜ்யம், நம் கணக்கு நேராகிவிட்டது என்று அதற்குப் பொருள்.

முதல் பாதியையும் பாருங்கள். ‘செலாமாட்’ என்பதை ‘இனிய’ என்று நாம் மொழிபெயர்த்துக்கொள்கிறோம். உண்மையில் அது தீங்கின்றி நலமாக இருத்தலைக் குறிக்கும் அரபிச் சொல்லான ஸலாமத்திலிருந்து வந்தது. கட்டுமானத் தளங்களின் பலகைகளில் ‘கெசெலாமாதான்’ என்று பார்த்திருப்பீர்கள். பாதுகாப்பு என்று பொருள்படும் அந்தச் சொல்லின் உள்ளேயும் இதே செலாமாட் இருக்கிறது. ‘ஹரி ராயா’ என்றால் பெருநாள், நம் சொல்லுக்குச் சொல் பொருத்தம். எனவே அவர் உங்களுக்கு விரும்பியது மகிழ்ச்சியை விட நலத்தை என்று சொல்லலாம்.

இங்கே புதியவர்கள் வழக்கமாகச் சறுக்கும் ஓர் இடம் உண்டு. நோன்புப் பெருநாளுக்குப் பிறகு ஏறத்தாழ எழுபது நாளில், துல்ஹஜ் மாதம் பத்தாம் நாள், ஹஜ்ஜுப் பெருநாள் வரும். கற்றுக்கொண்ட வரியை அப்படியே எடுத்து அன்றைக்கும் ‘மாஃப் ஸாஹிர் டான் பாத்தின்’ என்று அனுப்பினால் தவறாக யாரும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள், ஆனால் சற்றுப் பொருந்தாமல் ஒலிக்கும். மன்னிப்புக் கேட்பது ரமலான் மாதத்தின் முடிவோடு பிணைந்த மலாய் வழக்கம். ஹஜ்ஜுப் பெருநாளோ குர்பானி என்னும் பலியையும் ஹஜ்ஜையும் சார்ந்தது. அன்று ‘செலாமாட் ஹரி ராயா அயிடிலாத்ஹா’ என்பதோடு நிறுத்திக்கொள்வதே பொருத்தம்.

உங்கள் இந்தோனேசிய நண்பரின் வரி இன்னும் சுவையானது. அங்கே அதை ‘மோஹோன் மாஃப் லாஹிர் டான் பாத்தின்’ என்பதோடு சேர்த்தே சொல்வார்கள் (நம் ஸாஹிர்தான் அங்கே லாஹிர் ஆகிவிட்டது). இரண்டும் இணைந்தே வருவதால், முதல் பாதியின் மொழிபெயர்ப்புதான் இரண்டாம் பாதி என்று இந்தோனேசியர்களிலேயே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது சரியன்று. அரபி வரியில் மன்னிப்பு என்ற சொல்லே கிடையாது. ‘திரும்பி வருவோரிலும் வெற்றி பெறுவோரிலும்’ என்பது அதன் நேர்ப்பொருள். தலையும் காலும் இல்லாமல் தொங்குகிறதே என்று தோன்றினால், அது ஒரு துஆவின், அதாவது இறைவேண்டலின், வால் என்பதே காரணம்: ‘அல்லாஹ் நம்மையும் உங்களையும் அத்தகையோரில் ஆக்குவானாக’ என்ற முன்பகுதி விடுபட்டிருக்கிறது. எதற்குத் திரும்புவது என்பதில் இரண்டு விளக்கங்களைக் கேட்டிருக்கிறேன். இந்தோனேசியர் பிறவித் தூய்மைக்குத் திரும்புதல் என்பார்கள். வளைகுடா நாடுகளிலும் இந்த வாழ்த்து உண்டு, அங்கே அடுத்த பெருநாளையும் காணத் திரும்பி வருபவர்கள் என்று கொள்வார்கள். ‘ஈத்’ என்ற சொல்லையே திரும்பி வருதல் என்ற அரபி வேரிலிருந்துதான் மொழியறிஞர்கள் விளக்குகிறார்கள் என்பதால் இரண்டாவது எனக்கு இயல்பாகப் படுகிறது.

ஜோர்டான்காரரின் வாழ்த்தில் பெருநாளைப் பற்றியே எதுவும் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? ‘ஒவ்வோர் ஆண்டும் நீங்கள் நலத்தோடு’ என்பதுதான் அது. பிறந்தநாளுக்கும் புத்தாண்டுக்கும் கூட அரபுகள் இதையே சொல்வார்கள். ‘வ அன்தும் பி கைர்’, நீங்களும் நலத்தோடு, என்று பதில் போட்டால் போதும். ‘ஈத் முபாரக்’ என்பது இன்னும் எளியது. முபாரக் என்றால் பரக்கத் வைக்கப்பட்டது, அதாவது இறைவனின் அருள்வளம் பொருந்தியது. அரபு நாடுகளில் உள்ளவர்களின் வாழ்த்து உங்களுக்கு ஒரு நாள் முன்னதாகவே வந்தால் வியக்க வேண்டாம். பிறை பார்ப்பதைப் பொறுத்து, 2025-இல் சவூதியில் மார்ச் 30-ஆம் நாளும் மலேசியாவில் 31-ஆம் நாளும் நோன்புப் பெருநாள் வந்தது.

இன்னொரு வரியும் உங்கள் கண்ணில் படும்: ‘தகப்பலல்லாஹு மின்னா வ மின்கும்’. நபித்தோழர்கள் பெருநாளில் சந்திக்கும்போது சொல்லிக்கொண்டதாக அறிவிக்கப்படுவது இது. எங்களிடமிருந்தும் உங்களிடமிருந்தும் அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக என்பது பொருள். ஏற்கச் சொல்வது நோன்பையும் தொழுகையையும். நோன்பு வைக்காத நீங்கள் ‘எங்களிடமிருந்தும்’ என்று சொல்வது பொருந்தாது என்பதால், இதை மட்டும் நான் உங்களுக்குப் பரிந்துரைக்கமாட்டேன்.

மேலாளருக்கு ‘செலாமாட் ஹரி ராயா, துவான். மாஃப் ஸாஹிர் டான் பாத்தின்’ என்று அதே வரியையே திருப்பி அனுப்புங்கள்; மேலாளர் பெண்ணாக இருந்தால் துவான் என்பதற்குப் பதிலாகப் புவான். அதில் சமயச் சடங்கு எதுவும் இல்லை, சீன நண்பர்களும் தமிழர்களும் தயக்கமின்றிச் சொல்கிறார்கள். வெறும் ‘தெரிமா காசிஹ்’ என்று நன்றி மட்டும் சொன்னால், அந்தப் பெரியவரை நான் பதிலுக்குக் காக்கவைத்தது போல ஆகிவிடும். பெருநாள் கடந்துவிட்டதே என்ற தயக்கமும் வேண்டாம்; திறந்த இல்ல விருந்துகள் ஷவ்வால் மாதம் முழுவதும் நடக்கின்றன, அதுவரை இந்த வாழ்த்தும் செல்லும்.