போகும்போது 60, வரும்போது 40: சராசரி ஏன் 50 இல்லை?

தேர்வுக்குப் படிப்பவர்: போகும்போது 60 கிலோமீட்டர் வேகம், வரும்போது 40. கூட்டி இரண்டால் வகுத்தால் 50. விடைப் பட்டியலில் 48 என்று இருக்கிறது. அச்சுப்பிழையா சார்?

பிழை இல்லை. ஒரு வழிக்கு 120 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். போக 2 மணி நேரம், வர 3 மணி நேரம். ஆக 240 கிலோமீட்டருக்கு 5 மணி நேரம், வகுத்தால் 48.

கூட்டி இரண்டால் வகுக்கும்போது இரண்டு வேகத்துக்கும் ஒரே மதிப்பு கொடுத்துவிடுகிறீர்கள். ஆனால் வண்டி 60-ல் ஓடியது 2 மணி நேரம்தான், 40-ல் ஓடியது 3 மணி நேரம். தூரம்தான் சமம், நேரம் சமமில்லை. மெதுவான பாதி அதிக நேரத்தைத் தின்றுவிடுவதால் சராசரியும் அதன் பக்கமே சாயும். இந்த மாதிரி கணக்கில் விடை நடு எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ எங்கோ தப்பு நடந்திருக்கிறது.

இன்னொருவர்: அப்படியானால் முதல் 2 மணி நேரம் 60-லும் அடுத்த 2 மணி நேரம் 40-லும் போனாலும் 48 தானே?

இல்லை, 50. இங்கே நேரம் சமம். a, b என்ற இரண்டு வேகங்களில் சம தூரம் போனால் சராசரி `2ab/(a+b)`. அதை மனப்பாடம் செய்துவிட்டு எல்லா இடத்திலும் போடாதீர்கள். எது சமம், தூரமா நேரமா என்று முதலில் பாருங்கள்.

ஓட்டக்காரர்: என் கடிகாரம் கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்று காட்டும். போகும்போது 5, அதே வழியில் திரும்பும்போது 7. நான் சராசரி 6 என்று எழுதி வைக்கிறேன். இத்தனை நாள் தப்பாகவா எழுதினேன்?

சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். இன்று வந்ததிலேயே எனக்குப் பிடித்த கேள்வி இது. நீங்கள் சராசரி எடுப்பது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஆன நேரத்தை. கிலோமீட்டர்கள் இரண்டு பக்கமும் சமம். அதனால் சாதாரண சராசரியே போதும். 6 நிமிடம் என்றால் மணிக்கு 10 கிலோமீட்டர். அதையே வேகமாக மாற்றி 12-ஐயும் 8.57-ஐயும் கூட்டி வகுத்திருந்தால் 10.29 வந்து, ஓடாத வேகத்தை எழுதியிருப்பீர்கள்.

அவசரக்காரர்: போகும்போது நெரிசல், 30-ல்தான் போக முடிந்தது. மொத்தச் சராசரி 60 வர, திரும்பும்போது 90-ல் வந்தால் போதுமா?

போதாது, 45 தான் வரும். எவ்வளவு வேகமாக வந்தாலும் 60 வராது. ஒரு வழி 60 கிலோமீட்டர் என்றால், 120 கிலோமீட்டரை 60-ல் முடிக்க மொத்தமே 2 மணி நேரம்தான். அந்த 2 மணி நேரத்தையும் போகும்போதே செலவழித்துவிட்டீர்கள். உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் இதே மாதிரி புதிரை ஐன்ஸ்டீனுக்கு எழுதி அனுப்பினார். கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் திரும்ப நேரமே மிச்சமில்லை என்று தெரிந்தது என ஐன்ஸ்டீன் பதில் எழுதினார். அதனால் வெட்கப்படாதீர்கள்.

இயற்பியல் மாணவர்: புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டால் சராசரி பூஜ்யம்தானே?

அது திசையையும் சேர்த்துப் பார்க்கும் திசைவேகம். இங்கே கேட்பது வேகம்.

படகுக்காரர்: படகு நிலையான நீரில் 10, ஆற்றோட்டம் 2. எதிர்த்துப் போனால் 8, கூடவே வந்தால் 12. இழந்தது திரும்பக் கிடைத்துவிடுகிறதே, சராசரி 10 தானே?

திரும்பக் கிடைப்பதில்லை. 24 கிலோமீட்டருக்குப் போக 3 மணி, வர 2 மணி, சராசரி 9.6. எதிர்த்துப் போகும்போது ஆற்றிடம் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறீர்கள்.

படகுக்காரர்: வருஷக்கணக்காக ஓட்டுகிறேன், அப்படி எதுவும் தெரிந்ததில்லை.

தெரியாதுதான். ஓட்டமே இல்லாத நீரில் 4 மணி 48 நிமிடம் ஆகும். வித்தியாசம் வெறும் 12 நிமிடம். ஓட்டம் 5 ஆனால் சராசரி 7.5-க்கு இறங்கும். 10 ஆனால் எதிர்த்துப் போகவே முடியாது.

வேறொருவர்: நடுவில் புகுந்து சொல்கிறேன். எதிர்த்துப் போகும்போது யார் நடு ஆற்றில் போவார்கள்? கரையோரம் ஓட்டம் குறைவு.

படகுக்காரர்: அதேதான்! ஓரமாகப் போய் நடுவில் திரும்பினால்?

ஓரத்தில் ஓட்டம் 1 என்று வைத்தால் போகும்போது 9, வரும்போது 12. சராசரி 10.29. சரி, ஒப்புக்கொள்கிறேன்: ஆற்றை வைத்தே நிலையான நீரை ஜெயித்துவிட்டீர்கள். ஓரத்தில் ஆழம் குறைந்து படகு மந்தமானால் கணக்கு மாறும். அதை நீங்கள்தான் அளந்து சொல்ல வேண்டும்.

புதியவர்: போகும்போது 80, வரும்போது 20. சராசரி 50 தானே?

32. முதல் பதிலைப் படியுங்கள்.