ஸ்டீல் ஃபிளாஸ்க் இறக்குமதி: சுங்கப் பட்டியலில் எந்த எண், இன்வாய்ஸில் என்ன எழுதுவது?

அண்ணா, சீனாவிலிருந்து 500 ஸ்டீல் ஃபிளாஸ்க் எடுக்கிறேன். ஸ்டீல் பாத்திரம்தானே, 7323 போட்டால் போதாதா?

போதாது தம்பி. இரட்டைச் சுவருக்கு நடுவே காற்றை உறிஞ்சி எடுத்த ஃபிளாஸ்க் 9617-இல் வரும். சுங்கப் பட்டியலில் ஸ்டீல் பாத்திரங்கள் இருக்கும் 73-ஆம் அத்தியாயம் பதினைந்தாம் பிரிவில் அடங்கும். அந்தப் பிரிவின் முதல் குறிப்பே 96-ஆம் அத்தியாயப் பொருட்களை விலக்கிவிடுகிறது. அதனால் என்ன உலோகம் என்று பார்ப்பதற்கு முன்னால் அந்தக் குறிப்பைப் படியுங்கள்.

ஒற்றைச் சுவர் பாட்டில் 7323-தான். இரட்டைச் சுவர் இருந்தும் நடுவே வெறும் காற்றோ ஃபோமோ இருந்தால் அதுவும் அங்கேதான் போகும். மூன்றும் வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். சாம்பிளில் கொதிநீர் ஊற்றிப் பாருங்கள். சில நிமிடத்தில் வெளிச்சுவர் சுட்டால் வெற்றிடம் இல்லை, அல்லது கசிந்துவிட்டது. அப்புறம் சப்ளையரிடம் ஸ்பெசிஃபிகேஷன் ஷீட்டும் வாங்கி வையுங்கள்.

இன்வாய்ஸில் 'ஸ்டீல் பாட்டில்' என்று மட்டும் எழுத விடாதீர்கள். நான் பார்த்த ஒரு சரக்கில் அப்படித்தான் எழுதியிருந்தது, நாங்களும் 7323 போட்டோம். பெட்டியைத் திறந்தால் லேபிளில் வேக்குவம் என்று இருந்தது. சுங்கத்தில் கேள்வி கேட்டு நிறுத்திவிட்டார்கள், டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறியது. சுவர், வெற்றிடம், கொள்ளளவு, மாடல் எண் எல்லாம் இன்வாய்ஸ் வரியிலேயே இருக்கட்டும்.

பணம் அனுப்பும் முன் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் விதியையும் பாருங்கள். வீட்டு உபயோக ஃபிளாஸ்குக்குத் தரக்கட்டுப்பாட்டு ஆணை இருக்கிறது, உரிமம் தயாரிப்பாளரிடம் இருக்க வேண்டும்.

சப்ளையர் இன்வாய்ஸில் போட்ட எண்ணையே போட்டுவிட்டால் பொறுப்பு அவருடையது, எங்கள் ஆடிட்டர் சொன்னார்.

பாதி சரி சார். 8 இலக்க எண்ணில் முதல் 6 இலக்கம் உலகத்துக்கே பொது என்பதால் அந்த எண் நல்ல துப்பு. கடைசி 2 இலக்கம் நம் நாட்டுப் பட்டியலுக்கு உரியது. 2011 முதல் சுயமதிப்பீடு என்பதால் சுங்கத்தில் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரியில் சொல்வதற்கு இறக்குமதியாளர்தான் பொறுப்பு.

எனக்கு இன்வாய்ஸ் எஃப்ஓபி, அதாவது கப்பலில் ஏற்றும் வரையிலான விலை, 1,00,000 ரூபாய். அதற்கு மட்டும்தானே டியூட்டி?

இல்லைம்மா. கப்பல் கட்டணமும் இன்சூரன்ஸும் சேர்த்த மதிப்புக்குத்தான். கட்டணம் 12,000 என்று வையுங்கள். இன்சூரன்ஸ் தொகை தெரியாவிட்டால் எஃப்ஓபியில் 1.125 சதவீதம், அதாவது 1,125 ரூபாய் சேர்ப்பார்கள். ஆக 1,13,125. கட்டணத்துக்கு ஆதாரம் இல்லாவிட்டால் எஃப்ஓபியில் 20 சதவீதத்தைச் சேர்ப்பார்கள். உங்கள் கணக்கில் அது 20,000, உண்மையில் கொடுத்ததைவிட 8,000 கூடுதல். அதனால் ஃப்ரைட் பில்லை மறக்காமல் இணையுங்கள்.

ஃபிளாஸ்க், டைரி, பேனா ஒரே கிஃப்ட் பெட்டியில் வருகிறது. ஃபிளாஸ்க் எண்ணே எல்லாவற்றுக்கும் போதுமா?

ஃபிளாஸ்கும் அதோடு இரண்டு கப்பும் என்றால் செட்டாகவே எடுக்கலாம், ஏனென்றால் எல்லாமே குடிப்பதற்குத்தான். டைரியும் பேனாவும் வேறு தேவைக்கானவை, அதனால் தனித்தனி வரியாகப் பிரித்து, தனித்தனி விலையும் போடச் சொல்வேன். ஒரே செட்டாக வாதாடுபவர்களும் உண்டு. சரக்கு பெரிது என்றால் எந்த எண் என்று முன்கூட்டியே முடிவு சொல்லும் அட்வான்ஸ் ரூலிங் கேட்டுக்கொள்ளுங்கள்.