தண்ணீர் வற்றின பிறகுதான் காளான் வறுபடத் தொடங்கும்

கேள்வி: அக்கா, எங்களுக்குக் கொழிஞ்சாம்பாறை. ரெண்டு பாக்கெட் பட்டன் காளான் வாங்கி மிளகு வறுவல் செய்தால் சட்டி நிறையத் தண்ணீர் விடுகிறது. மூடி போட்டு வேகவைத்து இறக்கினால் ரப்பர் மாதிரி இழுக்கிறது. வெங்காயம், தக்காளி வதக்கி, உப்புப் போட்டு, அதில்தான் காளானைச் சேர்க்கிறேன். மஞ்சள் கலந்த வெந்நீரில் ஊறவைத்துக் கழுவுவேன். கழுவுவதுதான் தப்பு என்கிறார் மாமியார். கடையில் மட்டும் எப்படிச் சிவக்க வருகிறது?

பதில்: மாமியார் சொல்வதில் கால்வாசி உண்மை இருக்கிறது. முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

எனக்கும் இந்தச் சந்தேகம் வந்து, ஒருமுறை வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். நறுக்காத காளான் 200 கிராம். பச்சைத்தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு, வடிதட்டில் நன்றாக உதறி மறுபடி நிறுத்தால் 206 கிராம். கூடின தண்ணீர் ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். காளானிலோ இயல்பாகவே பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அந்தப் பாக்கெட்டுக்குள் முன்பே 180 கிராம் தண்ணீர் இருக்கிறது என்றால், கழுவும்போது ஏறிய ஆறு கிராமா உங்கள் சட்டியை நிரப்பியது?

எனவே தாராளமாகக் கழுவுங்கள், ஆனால் நறுக்குவதற்கு முன்னால். வெட்டுவாயும் குடைக்கு அடியில் இருக்கும் மடிப்புகளும்தான் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். காளானை முழுசாக ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டு, கையால் இரண்டு சுற்று அலசி, உடனே அள்ளி எடுத்து, பழைய வேட்டித்துணியில் உருட்டித் துடைத்தால் போதும். தண்டின் அடியில் ஒட்டியிருக்கும் கறுப்புத் துணுக்கு அழுக்கல்ல. பட்டன் காளான் வளர்க்கும்போது மக்கின உரப்படுக்கையின் மேல் ஈரமண்ணை ஒரு அடுக்குப் போர்த்துவார்கள், அந்த மண்தான் அது. விரலால் தேய்த்தால் போய்விடும், போகாவிட்டால் தண்டின் நுனியை மெலிதாக அரிந்துவிடுங்கள். தோலை உரிக்க வேண்டியதில்லை. கழுவினதை அப்போதே சமைத்துவிட வேண்டும். கழுவி ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் கையில் வழவழக்கும்.

வெந்நீரை மட்டும் விட்டுவிடுங்கள். அடுப்பில் நடக்க வேண்டிய வேலையை அது பாத்திரத்திலேயே பாதி ஆரம்பித்துவிடும். மஞ்சள் விஷயத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பக்கம் இடி மழைக்குப் பின் புற்றுக்காளான் பறித்து வந்து, மஞ்சள் போட்டால் நிறம் மாறுகிறதா என்று பார்த்து நல்லதா கெட்டதா என்று முடிவு செய்கிறவர்கள் உண்டு. அந்தச் சோதனையை நம்பாதீர்கள். மஞ்சளோ பூண்டோ வெள்ளிக்காசோ காளானின் விஷத்தைக் காட்டிக்கொடுக்காது, வேகவைத்தால் எல்லா விஷமும் போய்விடும் என்பதும் பொய். கடையில் வாங்கும் வளர்ப்புக் காளானுக்கு இந்தக் கவலை இல்லை.

சரி, தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். பச்சைக் காளானை நறுக்கி உள்ளே பாருங்கள். பஞ்சு மாதிரி, இடையிடையே காற்று நிறைந்திருக்கும். சூடு பட்டதும் அதன் செல்கள் தளர்ந்து, உள்ளே இருந்த தண்ணீர் வெளியே ஓடிவரும். காற்றும் போய்விடும். காளான் பாதியாகச் சுருங்கி, அடர்ந்து, விறைப்பாகிவிடும். இந்த நேரத்தில் ஒன்றை எடுத்துக் கடித்தால் பல்லில் ‘கிறீச்’ என்று வழுக்கும். நீங்கள் சொல்லும் ரப்பர் இதுதான்.

இங்கேதான் பலரும் தவறாக நினைத்துக்கொள்கிறார்கள். அதிகம் வெந்ததால் ரப்பர் ஆகிவிட்டது என்று பயந்து அவசரமாக இறக்கிவிடுகிறோம். முட்டைக்கு அந்தப் பயம் சரி. காளான் அப்படி அல்ல. காய்கறியின் செல்சுவர் வேகவேகக் கரைந்து குழைந்துபோகும். காளானின் செல்சுவரோ கைட்டின் என்ற பொருளால் ஆனது, நண்டு ஓட்டிலும் இறால் ஓட்டிலும் இருக்கிறதே, அதே வகை. வீட்டு அடுப்புச் சூட்டுக்கு அது கரையாது. பத்து நிமிடம் கூடுதலாக அடுப்பில் இருந்தாலும் காளான் குழைந்துபோகாது, கெட்டும்போகாது. தண்ணீர் எல்லாம் போய், வெளிப்புறம் காய்ந்து சிவந்த பிறகு அதையே கடித்துப் பாருங்கள். வெளியே ஒரு மெல்லிய முறுகல், உள்ளே கறித்துண்டு மாதிரி ஒரு பிடிப்பு. இந்த இரண்டு நிலைக்கும் நடுவில் நீங்கள் இறக்கிவிடுகிறீர்கள்.

சிவப்பதற்கும் தண்ணீருக்கும் ஒத்துவராது. சட்டியில் தண்ணீர் இருக்கிற வரையில் காளானின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, அந்தச் சூட்டில் அது வேகும், அவ்வளவுதான். நிறமும் வறுத்த வாசனையும் வர 140 டிகிரி பக்கம் போக வேண்டும். தண்ணீரைக் கொதிக்க வைப்பதை விட ஆவியாக்குவதுதான் அடுப்புக்குப் பெரிய வேலை. ஒரு டம்ளர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் சூட்டைப்போல் ஏழு மடங்குக்கு மேல், அதே டம்ளரை முழுசாக வற்றவைக்கத் தேவை. உங்கள் 400 கிராம் காளான் ஒரு டம்ளருக்கு மேல் தண்ணீர் விடும். அதோடு வெங்காயத்தின் தண்ணீர், தக்காளியின் தண்ணீர், மூடியில் பட்டுச் சொட்டும் ஆவி எல்லாம் சேர்ந்தால், அந்தச் சட்டியில் நடப்பது வறுவலே இல்லை, குழம்பு.

கடைக்காரர் கையில் மந்திரம் ஒன்றும் இல்லை. அவருடைய அடுப்பு பெரியது, இரும்புச் சட்டி அகலமானது, ஒரு தடவைக்கு ஒரு பிளேட் அளவுதான் போடுகிறார். அவர் அடுப்பு நம் வீட்டில் இல்லை, ஆனால் மற்ற இரண்டையும் நாமும் செய்யலாம்.

இப்படிச் செய்து பாருங்கள். முதலில் ஒரே ஒரு பாக்கெட், 200 கிராம். வில்லைவில்லையாக அரியாமல், சின்னதை இரண்டாகவும் பெரியதை நான்காகவும் வெட்டுங்கள். எப்படியும் பாதியாகச் சுருங்கும் என்பதால், மெல்லிசாக நறுக்கினால் கடைசியில் சருகுதான் மிஞ்சும். உங்களிடம் இருப்பதிலேயே அகலமான இரும்பு வடச்சட்டி அல்லது தோசைக்கல்லைப் பெரிய பர்னரில் வைத்து, நன்றாகக் காயவிடுங்கள். நான்ஸ்டிக் என்றால் வெறுமனே காயவிடாமல் நேராகக் காளானைப் போட்டுவிடலாம்.

எண்ணெய் ஊற்ற வேண்டாம். காளானைப் பரப்பி, மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீர் தெளியுங்கள். தண்ணீர் வேண்டாம் என்று இவ்வளவு நேரம் சொல்லிவிட்டு இப்போது நானே ஊற்றச் சொல்கிறேனே என்று தோன்றும். பச்சைக் காளானின் காற்றறைகள் எண்ணெயைப் பஞ்சுபோல் குடித்துவிடும். எவ்வளவு ஊற்றினாலும் சட்டி காய்ந்தே இருக்கும், நாம் இன்னும் ஊற்றுவோம். பிறகு சுருங்கும்போது அத்தனையையும் கக்கும். அதற்கு முன்பே ஆவியில் அதைச் சுருங்கவைத்துவிட்டால், அப்புறம் இரண்டு டீஸ்பூன் எண்ணெய் தாராளம். தெளித்த தண்ணீர் சட்டியின் சூட்டைக் காளானின் எல்லாப் பக்கமும் சீக்கிரம் கொண்டுபோகும், காளானும் தன் தண்ணீரைச் சேர்ந்தாற்போல் விட்டுவிடும்.

தீ முழுசாக இருக்கட்டும், மூடி வேண்டாம். மூன்று நிமிடத்தில் சட்டியில் சாம்பல் நிறத் தண்ணீர் தேங்கும். அதைக் கீழே ஊற்றிவிடாதீர்கள், காளானின் ருசி அதில்தான் இறங்கியிருக்கிறது. வற்றினால் அது காளான் மேலேயே போய் ஒட்டிக்கொள்ளும். இப்போது கண்ணைவிடக் காது உதவும். முதலில் சளசளவென்று கொதிக்கும் சத்தம். நாலைந்து நிமிடம் போனதும் அது குறைந்து, சொரசொரவென்று மாறும். கரண்டியால் சட்டியின் நடுவில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். தண்ணீர் ஓடிவந்து கோட்டை மூடினால் இன்னும் நேரம் இருக்கிறது. கோடு அப்படியே நின்றால் தேங்காய் எண்ணெயோ கடலெண்ணெயோ இரண்டு டீஸ்பூன் சுற்றிவிட்டு, தீயை ஒரு படி இறக்குங்கள்.

இங்கே கையைக் கட்டிக்கொண்டு இரண்டு நிமிடம் நிற்க வேண்டும். கிளறிக்கொண்டே இருந்தால் எந்தப் பக்கமும் சட்டியில் பட்டுச் சிவக்காது. ஒரு துண்டைப் புரட்டிப் பாருங்கள், வெட்டுவாய் ஓரம் காபி நிறத்தில் இருந்தால் எல்லாவற்றையும் புரட்டிவிட்டு இன்னும் இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். உப்பு, இடித்த மிளகு, கறிவேப்பிலை எல்லாம் கடைசி ஒரு நிமிடத்தில். உப்பை முன்பே போட்டால் பாவம் ஒன்றும் இல்லை, ஆனால் தண்ணீர் வற்றும்போது உப்புக் கூடி நிற்கும், அளவு தப்பிவிடும். எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். 200 கிராம் போட்டது 90 கிராம் பக்கம் வந்து நிற்கும். வீட்டில் நாலு பேர் என்றால் அதற்கேற்ப வாங்குங்கள்.

ரெண்டு பாக்கெட்டையும் செய்ய இரண்டு ஈடாகப் போடுவதே நல்லது. ஒரே ஈடாகத்தான் முடியும் என்றால் தண்ணீர் வற்றவே இருபது நிமிடம் பக்கம் ஆகும், அதற்குப் பொறுமை இருந்தால் சரிதான். வழியில் இறக்குவதுதான் கூடாது. காளான் சிவந்ததும் தட்டில் எடுத்து வைத்துவிட்டு, அதே சட்டியில் வெங்காயம், பிறகு தக்காளி வதக்குங்கள். சட்டியடியில் பழுப்பாய் ஒட்டியிருப்பதைத் தக்காளித் தண்ணீர் கரைத்து எடுத்துக்கொள்ளும். மசாலா சுருண்டு எண்ணெய் பிரிந்ததும் காளானைக் கொட்டி ஒரு நிமிடம் பிரட்டினால் வறுவல் தயார்.

வேலந்தாவளம் மார்க்கெட் பக்கம் பால்காளான் கண்ணில் பட்டால் வறுவலுக்கு அதையும் எடுத்துப் பாருங்கள். சதை கெட்டி, தண்ணீர் குறைவாகவே விடும், அரை அங்குலத் துண்டாக வெட்டினாலும் நிற்கும். சிப்பிக்காளான் என்றால் கத்தி வேண்டாம், கையால் கிழித்துப் போடுங்கள். தண்டின் அடிப்பகுதி நாராக இருக்கும், அதை மட்டும் எடுத்துவிடுங்கள். பட்டன் காளானே வாங்கினால், பாக்கெட்டின் உள்ளே நீர்த்துளி முத்துமுத்தாக நிற்பதைத் தவிருங்கள். வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக்கைப் பிரித்து, காகிதப்பையில் போட்டு ஒரு நாள் ஃப்ரிட்ஜில் வைத்தால் கொஞ்சம் ஈரம் காய்ந்து, இன்னும் சீக்கிரம் சிவக்கும். குடை விரிந்து லேசான பழுப்பு நிறம் இருந்தால் பயப்பட வேண்டாம், வறுவலுக்கு அது நல்லதுதான். கையில் பிசுபிசுத்தாலோ மீன் நாற்றம் அடித்தாலோ குப்பைக்குத்தான்.

வறுவலைச் சூட்டோடு ஹாட்பாக்ஸில் மூடி வைத்துவிடாதீர்கள். ஆவி மூடியில் கோத்து, அதே காளான் மேல் சொட்டி, முறுகல் போய்விடும். பையனுக்கு டிபனில் கட்டுவதென்றால் தட்டில் பரப்பி ஆறவிட்டு, அப்புறம் மூடுங்கள்.