34,000 ரூபாயை நிறுத்தினேன்: கான்ட்ராக்டருக்கு என்ன எழுதுவது?

(கட்டட மேற்பார்வையில் 28 வருடம் இருந்தவர் பதில் சொல்கிறார்)

"சார், நாலாவது பில் 4 லட்சம். மேற்குச் சுவர் வெளிப்பூச்சு தட்டினா டொக்குனு கேக்குது, கீழ் பாத்ரூம்ல தண்ணி தேங்குது. முழுசும் கொடுக்க மனசில்ல. பிடிச்சா வேலையை விட்டுட்டுப் போயிடுவாரோன்னு பயம். வாட்ஸ்அப்ல என்ன எழுதறது?"

"வேலை சரியில்லை, அதனால் பிடிக்கிறேன்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அம்மா. சண்டை அந்த ஒரு வரியில்தான் ஆரம்பிக்கும். சரியாக முடிந்த வேலையை முதலில் சொல்லுங்கள். அவர் ஆட்களுக்குக் கூலி போக வேண்டிய பணம் அதில்தான் இருக்கிறது.

எழுதும் முன் சுவரை ஸ்பூன் காம்பால் தட்டிக்கொண்டே போங்கள். பொள்ளலாகச் சத்தம் வரும் இடத்தையெல்லாம் சாக்பீஸால் வளைத்து, டேப்பை விரித்துப் பிடித்துப் படம் எடுங்கள். பாத்ரூமில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, கால் மணி கழித்துத் தேங்கிய இடத்தைப் படம் எடுங்கள். பிடிக்கும் தொகை அந்த வேலையின் முழு விலையாக இருக்கக்கூடாது. உடைத்து மறுபடி செய்ய என்ன ஆகுமோ அதுதான். வேறு ஒரு கொத்தனாரிடம் விலை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்கு ஒரு மாதிரி போட்டிருக்கிறேன், அளவையும் தொகையையும் நீங்கள் திருத்திக்கொள்ளுங்கள்:

"நாலாவது பில் ரூ.4,00,000 பார்த்தேன். உள்பூச்சு, மாடித் தளம், மற்ற மூன்று பக்க வெளிப்பூச்சு, பாத்ரூம் சுவர் டைல்ஸ் எல்லாம் சரி, ஏற்றுக்கொள்கிறேன். இரண்டு குறை: மேற்குச் சுவரில் சாக்பீஸ் போட்ட 80 சதுர அடியில் பூச்சு பிடிக்கவில்லை, அதற்கு ரூ.10,000. கீழ் பாத்ரூம் தரையில் வாட்டம் துவாரத்தை நோக்கி இல்லை, அதற்கு ரூ.24,000. இன்று அனுப்பியது ரூ.3,66,000, நாலாவது பில்லுக்கு மட்டும். குறை சரியானதும் இருவரும் சேர்ந்து பார்த்து, 3 நாளில் ரூ.34,000 தருகிறேன். சனிக்கிழமை காலை வர முடியுமா?"

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பணம் கைக்கு வரும் வழி அதில்தான் அவருக்குத் தெரியும்.

"10 சதவீதம் எப்பவுமே பிடிச்சுக்கலாம், அதுதானே சட்டம்? குறையெல்லாம் எதுக்கு எழுதணும்?"

பாதி சரி, தம்பி. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் அப்படிப் பிடிக்கலாம். அது வேலை முடிந்த பிறகு வரும் குறைகளுக்கான வைப்பு. இன்று கண்ணுக்குத் தெரியும் குறைக்குப் பிடிப்பது வேறு கணக்கு. இரண்டையும் ஒரே வரியில் எழுதினால், ஒரே குறைக்கு இரண்டு தடவை பிடிக்கிறீர்கள் என்று அவர் சொல்வார். அப்போது நியாயம் அவர் பக்கம்.

"என் கேஸ் வேற அண்ணே. மெட்டீரியல் என்னுது, கொத்தனாருக்குத் தினக்கூலி. டைல்ஸ் எகிறிப்போச்சு. வாரக்கூலியைப் பிடிக்கலாமா?"

வேண்டாம். அன்றன்று மேற்பார்த்தது நீங்கள்தானே? சதுர அடிக்கு ரேட் பேசியிருந்தால் பேச இடமுண்டு. தினக்கூலிக்காரரின் அடுப்பில் கைவைப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

"காம்பவுண்ட் சுவர் எக்ஸ்ட்ரான்னு ஒரு 30,000 கேக்குறார், நான் ஒத்துக்கல. இப்ப பில்லுக்குப் பணம் போட்டா அதுல வரவு வெச்சுக்குவாரா?"

எதற்கு என்று நீங்கள் சொல்லாவிட்டால் அந்த வம்பு வரும். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 59: கொடுப்பவர் எந்தக் கடனுக்கு என்று சொல்லிக் கொடுத்து, வாங்குபவரும் ஏற்றுக்கொண்டால், அதற்குத்தான் வரவு. சொல்லாமல் விட்டால் எதில் வைப்பது என்பது வாங்குபவர் கையில், பிரிவு 60. அதனால்தான் மாதிரியில் "நாலாவது பில்லுக்கு மட்டும்" என்று போட்டேன். பேங்க் ரிமார்க்ஸிலும் அதையே அடியுங்கள். காம்பவுண்ட் சுவருக்குத் தனிச் செய்தி.

"நான் கான்ட்ராக்டர். ஓனர் ஒரு ஜன்னல் ஓர விரிசலைக் காட்டி ஒன்றரை லட்சம் நிறுத்திட்டார். நீங்க ஓனருக்கே வக்காலத்து வாங்குறீங்க!"

வாங்கவில்லை, சார். எந்தக் குறைக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். ஒரு ஜன்னல் விரிசலுக்கு ஒன்றரை லட்சம் என்று எழுத எந்த ஓனருக்கும் கை வராது. கொடுக்கும் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் ரசீதில் "பகுதித் தொகை, மீதியைக் கோருகிறேன்" என்று எழுதுங்கள். "கணக்கு முழுதும் தீர்ந்தது" என்று இருக்கும் தாளில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

"தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்க்கோடா விரிசல். பூச்சுக் குறைன்னு எழுதலாமா சார்?"

அந்த இடத்தில் கோழிவலை அடிக்காமல் பூசியிருந்தால் அப்படித்தான் வரும். ஓரிடத்தில் பெயர்த்துப் பாருங்கள். வலை இல்லையென்றால் அடுத்த கேள்வி: வலை வாங்கித் தருவதாகச் சொன்னது யார்? உங்கள் ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். இதே விஷயத்தில் நான் ஒரு தடவை ஓனர் பக்கம் நின்று வாதாடித் தோற்றிருக்கிறேன்.