டிவியை விற்கும் முன் அழிக்க வேண்டியது எங்கே இருக்கிறது?

"நாலு வருஷமான 43 இன்ச் ஆண்ட்ராய்டு டிவியை விற்கப் போகிறேன். யூடியூப், நெட்ஃபிளிக்ஸ், பிரைம் எல்லாம் என் கணக்கில்தான் ஓடுகின்றன. ஆப்களை நீக்கிவிட்டால் போதுமா? நாங்கள் பார்த்ததெல்லாம் வாங்குபவருக்குத் தெரியுமா?"

ஆப்களை நீக்குவது போதாது. நெட்ஃபிளிக்ஸும் யூடியூப்பும் பல டிவிகளில் கம்பெனியிலிருந்தே பதிந்து வருபவை. அவற்றை முழுதாக நீக்க முடியாது, அப்டேட்டை மட்டும்தான் எடுக்கலாம்.

சில மாதங்களுக்கு முன் பழைய டிவி வாங்கிய ஒருவர் வீட்டுக்குப் பழுது பார்க்கப் போனேன். யூடியூப்பைத் திறந்ததும் முழங்கால் வலிக்கான பயிற்சிகள், சர்க்கரை நோய் பற்றிய பேச்சுகள், ஒரு ஊரின் கோயில் திருவிழா நேரலைகள் என்று வரிசையாக வந்தன. எல்லாம் முன்பு வைத்திருந்தவருடையவை. கூகுள் கணக்கை அவர் செட்டிங்ஸில் நீக்கித்தான் கொடுத்திருந்தார். ஆனால் டிவித் திரையில் வரும் குறியீட்டைப் போனில் போட்டு யூடியூப்பில் வேறொரு கணக்கிலும் நுழைந்திருக்கிறார். அது டிவியின் கணக்குப் பட்டியலில் வராது, ஆப்புக்குள்ளேயே இருக்கும். இதைக் கவனிக்காமல் விடுபவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

அதனால் முதலில் ஒவ்வொரு ஆப்புக்குள்ளும் போய் வெளியேறுங்கள். நெட்ஃபிளிக்ஸில் மெனுவுக்குள் Get Help, அதற்குள் Sign out. யூடியூப்பில் உங்கள் படத்தை அழுத்தினால் கணக்குகள் வரும். மகன், மாமியார் என்று எத்தனை பேர் இருந்தாலும் ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள். பிரைமிலும் மற்றவற்றிலும் செட்டிங்ஸுக்குள் இதே வேலைதான்.

'எப்படியும் ரீசெட் செய்யப் போகிறோமே, இது எதற்கு?' என்று தோன்றும். ரீசெட் டிவிக்குள் இருப்பதை மட்டும்தான் அழிக்கும். அழித்ததை நெட்ஃபிளிக்ஸுக்கோ கூகுளுக்கோ சொல்லாது. அங்கே உங்கள் சாதனப் பட்டியலில் அந்த டிவியின் பெயர் அப்படியே நிற்கும். ஆறு மாதம் கழித்துப் பார்க்கும்போது யாரோ நுழைந்துவிட்டார்களோ என்று பதறுவீர்கள்.

அடுத்து பின்பக்கம் கை விட்டுப் பாருங்கள். கல்யாணப் படங்கள் இருக்கும் பென் டிரைவ் அங்கேயே செருகியிருக்கும். ஃபயர் ஸ்டிக் இருந்தால் அதையும் கழற்றுங்கள். அது தனிச் சாதனம், டிவி ரீசெட் அதைத் தொடாது.

பிறகு ரீசெட். கூகுள் டிவியில் Settings > System > About பக்கத்தில் இருக்கும். பழைய ஆண்ட்ராய்டு டிவியாக இருந்தால் Settings > Device Preferences-க்குள் தேடுங்கள். Factory reset என்பதைக் கொடுத்தபின் கரண்டை நிறுத்தாதீர்கள். திரை சில நிமிடம் கறுப்பாகவோ லோகோவோடோ நிற்கும், பயப்பட வேண்டாம். முடிந்தால் மொழியைக் கேட்கும் திரை வரும். அதுதான் அடையாளம். மொழித் திரை வராமல் உங்கள் பழைய முகப்புத் திரையே வந்தால் ரீசெட் நடக்கவில்லை, மறுபடி செய்யுங்கள். மொழித் திரை வந்ததும் அங்கேயே நிறுத்தி அணைத்துவிடுங்கள். 'ஓடுகிறதா பார்க்கலாம்' என்று உங்கள் வைஃபையையும் கணக்கையும் மறுபடி போட்டுக் காட்டாதீர்கள், செய்ததெல்லாம் வீணாகிவிடும். படம் தெரிவதைக் காட்ட செட்டாப் பாக்ஸை எச்டிஎம்ஐயில் செருகினால் போதும். அதற்குக் கணக்கில்லாமல் சாதாரண டிவியாக அமைக்கும் வழி பல மாடல்களில் இருக்கிறது.

கடைசியாகப் போனில் ஒருமுறை சரிபாருங்கள். கூகுள் கணக்கின் Security பக்கத்தில் Your devices, நெட்ஃபிளிக்ஸ் கணக்கில் Manage access and devices, அமேசானில் Manage Your Content and Devices. டிவி இன்னும் அங்கே தெரிந்தால் அங்கிருந்தே வெளியேற்றுங்கள். டிவி ஏற்கெனவே கைமாறிவிட்டாலும், திரை செத்து ரீசெட் செய்ய முடியாவிட்டாலும் இந்த வழிதான். அப்படி ரீசெட் செய்யாமல் கொடுத்த டிவிக்குள் உங்கள் வைஃபை பாஸ்வேர்டும் இருக்கும். வீட்டு ரவுட்டரில் அதை மாற்றிவிடுங்கள்.

நீங்கள் பார்த்தவற்றின் பட்டியல் டிவியில் இல்லை, உங்கள் கணக்கில் இருக்கிறது. எல்லாக் கணக்கிலிருந்தும் வெளியேறிவிட்டால் வாங்குபவருக்கு அது தெரியாது. ஆனால் புது டிவியில் நீங்கள் நுழைந்ததும் அத்தனையும் திரும்ப வரும். அதையும் துடைக்க வேண்டுமானால் myactivity.google.com-இல் யூடியூப் வரலாற்றையும், நெட்ஃபிளிக்ஸில் ஒவ்வொரு புரொஃபைலின் Viewing activity-யையும் தனியாக அழிக்க வேண்டும். புரொஃபைல் ஒவ்வொன்றுக்கும் பட்டியல் தனி. உங்களுடையதை அழித்தால் பிள்ளைகளுடையது அழியாது.