ஒரே ஓர் உச்ச மதிப்பு டி-சோதனையைக் கவிழ்க்கும்போது

கேள்வி: "ஒரு செயலியின் இரண்டு வடிவங்களில் ஒரே வேலையை முடிக்க எத்தனை நொடி ஆகிறது என்று ஆறாறு பேரை வைத்து அளந்தேன். வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது. டி-சோதனையோ வித்தியாசம் இல்லை என்கிறது. என்ன செய்வது?
அ: 12, 14, 15, 17, 18, 20
ஆ: 19, 22, 24, 25, 27, 93"

பதில்: சிக்கல் அந்த 93-இல் இருக்கிறது. அது ஆ-வின் சராசரியை 35 வரை இழுத்துவிடுகிறது. சராசரிகளின் வித்தியாசம் 19 ஆனாலும், 93-ஆல் சிதறல் அதைவிட வேகமாகப் பெருகுவதால் திட்டப்பிழை 11.7 ஆகிவிடுகிறது. டி மதிப்பு 1.62, வெல்ச் முறையில் பி சுமார் 0.17.

பதிவுப் பிழை என்று உறுதியானால் ஒழிய 93-ஐ நீக்காதீர்கள். நேர அளவுகளில் இப்படி ஒரு நீண்ட வால் இருப்பது இயல்பு. இங்கே மான்-விட்னி சோதனை பொருந்தும். பன்னிரண்டு எண்களையும் சிறியதிலிருந்து வரிசைப்படுத்தி 1 முதல் 12 வரை தரம் கொடுங்கள். சம மதிப்புகள் வந்தால் அவற்றின் தரங்களின் சராசரியை இரண்டுக்கும் போடுங்கள். அ-வின் தரங்கள் 1, 2, 3, 4, 5, 7, கூட்டல் 22. ஆறு பேருக்குச் சாத்தியமான மிகக் குறைந்த கூட்டல் 21. ஆகவே U = 22 − 21 = 1. பன்னிரண்டில் ஆறைத் தேர்ந்தெடுக்க 924 வழிகள்; அவற்றில் இவ்வளவு ஓரமாக விழுபவை இருபுறமும் சேர்த்து 4. பி = 4/924 = 0.0043. 93-க்குப் பதில் 30 இருந்தாலும் இதே விடைதான். R-இல் மான்-விட்னிக்கான கட்டளை wilcox.test:

```
a <- c(12,14,15,17,18,20)
b <- c(19,22,24,25,27,93)
wilcox.test(b, a, conf.int=TRUE)
```

இதில் W = 35 என்று வரும்; 36-இலிருந்து 1 போக மீதி அது. அ-ஆ இணைகள் 36-இல் 35-இல் ஆ பெரியது என்பதே அதன் பொருள். பி மதிப்பைவிட அறிக்கையில் எழுதத் தகுந்தது இதுதான். கூடவே வரும் 8.5, அந்த 36 வித்தியாசங்களின் இடைநிலை. சராசரி சொன்ன 19-ஐவிட நம்பத் தகுந்தது.

மான்-விட்னியை "இடைநிலைகளின் சோதனை" என்று எழுதும் வழக்கம் தவறானது. இரு குழுக்களின் பரவல் வடிவமும் ஒன்றாக இருந்தால்தான் அப்படிச் சொல்லலாம். ஒரு குழு நடுவில் குவிந்து, மற்றொன்று இருபுறமும் விரிந்திருந்தால், இடைநிலைகள் சமமாக இருந்தும் சோதனை பொய்யாக எச்சரிக்கலாம். அங்கே புரூனர்-முன்செல் சோதனை மேல், ஆனால் அதற்கு ஆறாறு பேர் போதாது.

மூன்றுக்கு மூன்று என்றால் மான்-விட்னியில் இருபுற பி 0.1-க்குக் கீழே இறங்கவே முடியாது: 20 வழிகளில் 2. நான்கு நான்கு இருந்தால்தான் 0.029 வரை போகலாம்.

ஒரே ஆறு பேர்தான் இரண்டு வடிவங்களையும் பயன்படுத்தினார்கள் என்றால் மேலே சொன்ன கணக்கு செல்லாது. ஒவ்வொருவரின் வித்தியாசத்தையும் எடுத்து வில்காக்சன் குறித்தரச் சோதனை செய்யுங்கள். அதே கட்டளையில் `paired=TRUE` சேர்த்தால் போதும்.