பாஸ்கா இரவும் திருவழிபாட்டு ஆண்டும்

கேள்வி: கிறிஸ்தவர்களின் திருநாட்களும் பூசை முறையும் யூதர்களிடமிருந்து வந்தவை என்கிறார்களே, அவை எப்படி இப்போதுள்ள மாறாத வடிவத்துக்கு வந்தன?

எங்கள் பங்கில் பல ஆண்டுகளாகப் பாஸ்கா திருவிழிப்பில் வாசகம் வாசித்துவருபவன் என்ற முறையிலும், அந்த வாசகங்களின் வரலாற்றைத் தேடிப் படித்தவன் என்ற முறையிலும் எழுதுகிறேன். திருவழிபாட்டு ஆண்டு முழுவதையும் தொடாமல், அதன் வித்தாகிய பாஸ்கா இரவை, அதாவது எகிப்திலிருந்து மீட்கப்பட்டதை யூதர்களும் இயேசுவின் மரணத்தையும் உயிர்ப்பையும் கிறிஸ்தவர்களும் நினைவுகூரும் இரவை, மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கிறிஸ்து பிறப்புப் பெருவிழா ரோமையில் 4ஆம் நூற்றாண்டில்தான் நமக்குத் தென்படுகிறது. அதற்கு யூத மூலம் இல்லை. யூதர்களின் கூடாரப் பெருவிழாவுக்கோ கிறிஸ்தவ ஆண்டில் நேரான வாரிசு இல்லை. ஆகவே எல்லாத் திருநாட்களும் ஒன்றுக்கொன்று பொருந்தி அப்படியே இடம் மாறிவந்தன என்று எண்ணிவிட வேண்டாம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை ஒதுக்கிவிட வேண்டும். இன்றைய யூதக் குடும்பங்கள் பாஸ்கா இரவில் கடைப்பிடிக்கும் விருந்துமுறையை அப்படியே இயேசுவின் இறுதி இரவுணவுக்கு ஏற்றிச் சொல்வது வழக்கமாகிவிட்டது. எருசலேம் ஆலயம் 70ஆம் ஆண்டில் அழிந்து, ஆட்டுக்குட்டியைப் பலியிட இடமில்லாமல் போன பிறகுதான் அந்த முறை படிப்படியாக உருவம் பெற்றது. கிறிஸ்தவர்களின் பாஸ்கா விழிப்பும் ஏறத்தாழ அதே காலத்தில்தான் உருவானது. அதனால் இவ்விரண்டையும் தாயும் மகளும் என்பதைவிட ஒரே வீட்டில் வளர்ந்த உடன்பிறப்புகள் என்று சொல்வது பொருந்தும் என்பது என் கருத்து.

யூத நாட்காட்டியில் மாதம் அமாவாசைக்குப் பின் தோன்றும் பிறையோடு தொடங்குவதால், நிசான் மாதத்தின் 14ஆம் நாள் பௌர்ணமியை ஒட்டி வரும். அன்று பிற்பகலில் ஆட்டுக்குட்டியைப் பலியிட்டு, இரவில் உண்பார்கள். யோவான் நற்செய்தியின்படி இயேசு சிலுவையில் இறந்தது அந்த 14ஆம் நாளில்தான். இதைப் பின்பற்றி, சின்ன ஆசியாவில், அதாவது இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் இருந்த கிறிஸ்தவர்கள், 2ஆம் நூற்றாண்டில் கிழமை எதுவாக இருந்தாலும் நிசான் 14ஐயே தங்கள் பாஸ்காவாகக் கொண்டாடினார்கள். யூதர்கள் விருந்துண்ணும் நேரத்தில் இவர்கள் நோன்பிருந்து, விழித்திருந்து, மறைநூலை வாசித்து, பின்னிரவில் நற்கருணை விருந்தோடு நோன்பை முடித்தார்கள். சர்தை நகரின் ஆயர் மெலித்தோ அந்த இரவுக்காக எழுதிய மறையுரை இன்றும் கிடைக்கிறது. எபிரேயர் எகிப்திலிருந்து வெளியேறிய பகுதி இப்போதுதான் வாசிக்கப்பட்டது என்று அது தொடங்குகிறது. கத்தோலிக்க மொழிபெயர்ப்பில் விடுதலைப் பயண நூல் என்றும், பழைய மொழிபெயர்ப்பில் யாத்திராகமம் என்றும் சொல்கிறோமே, அந்த நூலின் 12ஆம் அதிகாரம் அது. அதே மறையுரை யூதர்கள்மீது கடுமையான பழியையும் சுமத்துகிறது. வாசகத்தையும் நாளையும் எடுத்துக்கொண்டவர்களே, அவற்றைத் தந்தவர்களிடமிருந்து விலகி நிற்கத் துடித்தார்கள் என்பதை மறைக்க முடியாது.

மற்ற இடங்களில் வாரத்தின் முதல் நாளே, ஆண்டவர் உயிர்த்தெழுந்த ஞாயிறே, முதன்மை பெற்றிருந்தது. 155ஆம் ஆண்டையொட்டி ஸ்மிர்னாவின் முதிய ஆயர் பொலிக்கார்ப்பு ரோமைக்கு வந்து அங்குள்ள ஆயர் அனிசேத்துவிடம் இதைப் பற்றிப் பேசினார். ஒருவர் மற்றவரை மாற்ற முடியவில்லை. ஆயினும் அனிசேத்து தம் இடத்தில் பொலிக்கார்ப்பையே நற்கருணைக் கொண்டாட்டத்தை நடத்தச் செய்து, இருவரும் சமாதானமாகப் பிரிந்தார்கள். ஒரு தலைமுறைக்குப் பின் ரோமை ஆயர் விக்டர், நிசான் 14ஐக் கடைப்பிடித்தவர்களைத் திருச்சபையின் உறவிலிருந்து விலக்க முற்பட்டபோது, லியோன் நகர ஆயர் இரேனேயு இந்தப் பழைய சந்திப்பை நினைவூட்டித்தான் அவரைத் தணிக்கப் பார்த்தார். அந்தக் கடிதத்தில் வரும் ஒரு செய்தி எனக்கு இன்னும் வியப்பளிக்கிறது: பாஸ்காவுக்கு முன் சிலர் ஒரு நாள், சிலர் இரண்டு நாள், சிலர் அதற்கு மேல், சிலர் 40 மணி நேரம் நோன்பிருந்தார்கள் என்கிறார் இரேனேயு. 40 நாள் தவக்காலம் என்பது அவர் காலத்தில் இல்லை.

இனி நிலையான வடிவத்துக்கு வருவோம். நிசான் மாதம் எப்போது தொடங்குகிறது, அந்த ஆண்டில் கூடுதல் மாதம் சேருமா என்பதைத் தீர்மானித்தவர்கள் யூதத் தலைவர்கள். எனவே கிறிஸ்தவர்கள் தங்கள் முதன்மைத் திருநாளின் நாளை அறிய, அடுத்த தெருவில் இருந்த தொழுகைக்கூடத்தைக் கேட்க வேண்டியிருந்தது. இந்தச் சார்பை அறுக்க வேண்டும் என்ற விருப்பம்தான் பாஸ்காவைக் கணக்கில் இறுக்கிய முதல் காரணம். 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள், எல்லோரும் ஒரே ஞாயிறன்று, யூதர்களின் கணக்கைச் சாராமல் கொண்டாட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். வசந்தகாலச் சமநாளுக்குப் பின் வரும் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு என்ற விதியை நிசேயாவே இயற்றியதாகப் பலர் எழுதுகிறார்கள். சங்கத்தின் சட்டங்களில் அப்படி ஒரு வரி இல்லை. அது எகிப்தின் அலெக்சாந்திரியா நகரத் திருச்சபையினரின் கணக்கு. சமநாளை மார்ச் 21 என்று வைத்துக்கொண்டு, நிலவின் பிறைகள் 19 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏறத்தாழ அதே தேதிகளுக்குத் திரும்புவதை வைத்து அவர்கள் அட்டவணை போட்டார்கள். அதன்பின் யாரும் வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை. யாரையும் கேட்கவும் வேண்டியதில்லை.

அட்டவணையில் இறுக்கியதற்கும் ஒரு விலை உண்டு. 2024ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கத்திய அட்டவணைப்படி பௌர்ணமி மார்ச் 25, திங்கள். ஆகவே உயிர்ப்புப் பெருவிழா அடுத்த ஞாயிறான மார்ச் 31. யூத நாட்காட்டியில் அது கூடுதல் மாதம் சேர்ந்த ஆண்டாதலால், அவர்களுடைய பாஸ்கா ஏப்ரல் 22 மாலையில்தான் தொடங்கியது. கீழைத் திருச்சபைகள் பலவும் இன்றும் பயன்படுத்தும் பழைய ஜூலியன் அட்டவணையோ, பௌர்ணமியை ஜூலியன் ஏப்ரல் 15 என்று சொன்னது. நம் தேதியில் அது ஏப்ரல் 28. வானத்தில் நிலவு நிறைந்ததோ நான்கைந்து நாள் முன்பே. அந்த 28ஆம் தேதி ஞாயிறாகவே அமைந்துவிட்டதால், பௌர்ணமி நாளிலேயே கொண்டாடக் கூடாது என்ற விதிப்படி அவர்கள் இன்னும் ஒரு வாரம் தள்ளி மே 5இல் கொண்டாடினார்கள். ஒரே இரவின் நினைவு மூன்று தேதிகளில் வந்து நின்றது.

நாள் இப்படி இறுகியது. ஒரே இரவு ஒரு வாரமாக விரிந்தது எருசலேமில். தொடக்கத்தில் பாஸ்கா இரவு என்பது ஒன்றே. இயேசுவின் பாடும் மரணமும் உயிர்ப்பும் அந்த ஒரே விழிப்பில் அடங்கியிருந்தன. 4ஆம் நூற்றாண்டில் புனித இடங்களில் கோயில்கள் எழுந்ததும், நடந்த இடத்தில், நடந்த நாளில், நடந்த நேரத்தில் நினைவுகூரும் வாய்ப்பு வந்தது. 381 முதல் 384 வரை அங்கே தங்கிய எகேரியா என்ற பெண்மணி தாம் கண்டதை எழுதி வைத்திருக்கிறார். குருத்து ஞாயிறன்று மாலையில் மக்கள் ஒலிவ மலையிலிருந்து இறங்கி வருகிறார்கள். கைக்குழந்தைகள்கூடக் குருத்தோலையோ ஒலிவக் கிளையோ பிடித்திருக்கிறார்கள். பெரிய வெள்ளியன்று சிலுவை மரத்தின் இரு முனைகளையும் ஆயர் தம் கைகளால் அழுத்திப் பிடித்துக்கொள்ள, திருத்தொண்டர்கள் சுற்றி நின்று காவல் காக்கிறார்கள். மக்கள் ஒவ்வொருவராக வந்து குனிந்து, நெற்றியாலும் பிறகு கண்களாலும் தொட்டு, முத்தமிட்டுச் செல்ல வேண்டும். கையால் தொடக் கூடாது. ஏன் இந்தக் காவல் என்பதற்கும் எகேரியா காரணம் சொல்கிறார்: யாரோ ஒருவர் முத்தமிடுவதுபோல் குனிந்து மரத்தில் ஒரு துண்டைக் கடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். இத்தகைய திருப்பயணிகள் ஊர் திரும்பித் தாங்கள் கண்டதைச் சொல்ல, இடம் சார்ந்த சடங்குகள் அந்த இடமே இல்லாத ஊர்களிலும் பரவின. நம் ஊரில் பெரிய வெள்ளியன்று வரிசையில் நின்று சிலுவையை முத்தமிடும்போது எனக்கு அந்தத் திருடனின் நினைவு வராமல் இருப்பதில்லை.

இதே எருசலேமின் 5ஆம் நூற்றாண்டு வாசகப் பட்டியல் ஒன்று ஆர்மீனிய மொழியில் தங்கியிருக்கிறது. பாஸ்கா இரவுக்கு அது 12 பழைய ஏற்பாட்டு வாசகங்களைக் குறிக்கிறது. உலகப் படைப்பு, ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடச் சென்றது, பாஸ்கா ஆட்டுக்குட்டி, யோனா, செங்கடலைக் கடந்தது என்று வரிசை தொடங்குகிறது. யூதர்களின் அரமேய மொழிப் பெயர்ப்புகளில், விடுதலைப் பயணம் 12ஆம் அதிகாரத்தில், ‘நான்கு இரவுகள்’ பற்றிய ஒரு பகுதி உண்டு: உலகம் படைக்கப்பட்ட இரவு, ஆபிரகாமின் இரவு, எகிப்திலிருந்து மீட்கப்பட்ட இரவு, இனி உலகம் முடிவுறும்போது மெசியா வரும் இரவு, நான்கும் பாஸ்கா இரவே. அந்தப் பகுதியின் காலத்தைப் பற்றி அறிஞர்கள் ஒன்றுபடவில்லை. ஆகவே ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டது என்று சொல்லத் துணிய மாட்டேன். ஆனால் இரண்டுக்கும் பின்னால் ஒரே நினைவுமுறை இருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை.

வேண்டல்களின் சொற்கள்தாம் கடைசியில் நிலைபெற்றன. உணவுக்குப் பின் யூதர்கள் சொல்லும் நன்றி மன்றாட்டின் சாயல் தெரியும் மன்றாட்டுகள், திதாக்கே என்னும் மிகப் பழைய கிறிஸ்தவ நூலில் இருக்கின்றன. அதே நூல், இறைவாக்கினர் தாம் விரும்பியபடி நன்றி கூறட்டும் என்றும் விட்டுவிடுகிறது. 150ஐ ஒட்டி ரோமையில் எழுதிய ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ அறிஞர், தலைமை தாங்குபவர் தம்மால் இயன்ற அளவு மன்றாடுவார் என்கிறார். வடிவம் பொதுவாக இருந்தது, சொற்கள் அவரவருடையவை. நாவன்மை இல்லாதவர்களும் ஆயர்கள் ஆனபோது, எங்கிருந்தோ எழுதி வந்த பிழையான மன்றாட்டுகள் பலிபீடத்தில் ஒலித்தன. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் வட ஆப்பிரிக்க ஆயர் மன்றங்கள், அப்படிப் பெற்ற மன்றாட்டுகளைக் கற்றறிந்த உடன்பணியாளர்களிடம் காட்டிச் சரிபார்த்த பின்பே பயன்படுத்த வேண்டும் என்று கட்டளையிட்டன. ஏட்டில் இருப்பதை மட்டுமே வாசிக்கும் பழக்கம் இந்த வழியில்தான் வேரூன்றியது.

இன்று ரோமைத் திருவழிபாட்டில் பாஸ்கா இரவுக்கு ஏழு பழைய ஏற்பாட்டு வாசகங்கள் உண்டு. முதல் மூன்று படைப்பு, ஆபிரகாம், செங்கடல். நேரமாகிறது என்று எங்கள் பங்கிலும் சில வாசகங்களை விட்டுவிடுவோம். அதற்கு விதியிலேயே இடமிருக்கிறது. ஆனால் செங்கடலைக் கடந்த வாசகத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடக் கூடாது என்று அதே விதி சொல்கிறது. இந்த ஆண்டும் அந்த வாசகம் எனக்குத்தான் வந்தது.